பஸ் ரூட் மாறிடுச்சு... ஆபீஸ் டைமை மாத்திக் கேட்கலாமா?

மதுராந்தகத்தில் காலை ஏழு மணிக்கு பஸ் ஏறி, தாம்பரத்தில் இறங்கி, குரோம்பேட்டை ஆபீஸில் ஒன்பதுக்குள் விரல் வைத்துவிடுவீர்கள். 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தார்கள். அதன்பின் தென்மாவட்டப் பக்கத்திலிருந்து வரும் பெரும்பாலான பஸ்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. இறங்கி, மாநகரப் பேருந்து நிற்கும் இடத்துக்கு நடந்து, அடுத்த வண்டிக்குக் காத்திருந்து, ஜி.எஸ்.டி. ரோடு டிராஃபிக்கில் ஊர்ந்து வந்தால் மணி 9.20.

இப்போது மேனேஜரிடம் என்ன கேட்பது? "லேட்டானா கொஞ்சம் பார்த்துக்கோங்க சார்" என்று மட்டும் கேட்காதீர்கள். அவர் தலையாட்டுவார். பயோமெட்ரிக் மெஷின் ஆட்டாது. அதில் உங்கள் ஷிஃப்ட் இன்னும் 9 மணிதான். மூணு லேட்டுக்கு அரை நாள் கட் என்று விதி இருக்கும் ஆபீஸ் என்றால், மாதக் கடைசியில் சம்பளத்தில் தெரியும். அதனால் கேட்க வேண்டியது சலுகை இல்லை, ஷிஃப்ட் மாற்றம். 9 டு 6-க்குப் பதில் 9.30 டு 6.30.

கேட்கும் முன் ஒரு வாரம் போனில் குறித்து வையுங்கள்: கிளாம்பாக்கத்தில் இறங்கியது எப்போது, அடுத்த பஸ் வந்தது எப்போது, சீட்டில் உட்கார்ந்தது எப்போது. "செங்கல்பட்டுல இறங்கி ட்ரெயின்ல வரலாமே?" என்று அவர் கட்டாயம் கேட்பார். ரெண்டு நாள் அப்படியும் வந்து பாருங்கள். பைபாஸில் இறங்கி ஸ்டேஷன் போவதற்கே எவ்வளவு ஆகிறது என்று தெரிந்துவிடும். ஒருவேளை ட்ரெயினே சரிப்பட்டு வந்தால், கேட்கவே தேவையில்லை!

பலர் கோட்டைவிடுவது சாயங்காலத்தில். "அரை மணி நேரம் கூட இருந்து முடிச்சுத் தர்றேன்" என்று சொல்லிவிட்டு, மதுராந்தகத்திலிருந்து ஊருக்குப் போகும் கடைசி டவுன் பஸ்ஸை விட்டுவிடுவார்கள். ஆறரைக்குக் கிளம்பினால் அது கிடைக்குமா என்று முதலில் பாருங்கள். கிடைக்காது என்றால் 9.20 டு 6.20 மட்டும் கேளுங்கள். அதுவும் ஒத்துவராவிட்டால், அந்த நேரத்தை சனிக்கிழமை ஈடுகட்டுவதாகச் சொல்லுங்கள்.

காலை ஒன்பதுக்கு போன் எடுக்க, கதவு திறக்க நீங்கள்தான் என்றால், அந்த அரை மணிக்கு யார் என்பதையும் பேசிவைத்துக்கொண்டு போங்கள். அவருடைய தயக்கம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

நேரில் பேசிவிட்டு, அன்றைக்கே மெயில் போடுங்கள்: "சார், நான் வர்ற பஸ் இப்போ கிளாம்பாக்கத்தோட நின்னுடுது. மாறி வர 9.20 ஆகுது. ஒரு வாரக் கணக்கு கீழே இருக்கு. 9.30 - 6.30-னு ஷிஃப்ட் மாத்தித் தர முடியுமா? ஒரு மாசம் பார்த்துட்டு முடிவு பண்ணலாம் சார்." ஹெச்.ஆரையும் அதில் சேருங்கள். மெஷினில் நேரத்தை மாற்ற வேண்டியவர் அவர்தான். சரி என்று பதில் வந்த மறுநாள், உங்கள் பெயருக்கு நேரே 9.30 என்று ஏறியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.