பென்சில் டிக்கும் பதின்மூன்று மாதக் கணக்கும்

"மெசேஜ்தான் வருதே அப்பா, இதை ஏன் வரி வரியா படிக்கிறீங்க?" என்று மகன் கேட்டான். மெசேஜ் வருகிறது, உண்மை. நூறு விளம்பரத்துக்கு நடுவில், ராத்திரி பத்து மணிக்கு வருகிறது. அதை நம்பியிருப்பவர்களோடுதான் எனக்கு இன்றைய சண்டை.

புதுச்சேரியில் அலுவலகத்தில் சேர்ந்த காலத்தில் பெரியவர்கள் கணக்குச் சரிபார்ப்பதை புவேந்தாஜ் என்பார்கள். ஒவ்வொரு வரிக்கும் பென்சிலால் ஒரு டிக். டிக் விழாத வரிக்குப் பதில் கிடைக்காமல் பதிவேட்டை மூடக்கூடாது. சென்ற வாரம் என் பென்ஷன் கணக்கையும் கார்டு ஸ்டேட்மெண்டையும் அப்படித்தான் பார்த்தேன். பன்னிரண்டு மாதம் போதாது, பதின்மூன்று எடுங்கள். ஆண்டுச் சந்தா வருடத்தில் ஒரே ஒரு நாள் தலைகாட்டும். தேதி கொஞ்சம் நகர்ந்தால் பன்னிரண்டு மாதத்தில் அது சிக்காமலே போகலாம்.

மே மாதத்தில் 1,499 ரூபாய். எதிரே கேள்விப்படாத ஒரு பெயர். விற்பவர் பெயரை விட்டுப் பணம் வாங்கித் தரும் இடைக் கம்பெனியின் பெயர் சில சமயம் இப்படி விழும். அதனால் பெயரைத் துரத்தாமல் 1,499 என்ற தொகையை ஈமெயிலில் தேடினேன். ரசீது அகப்பட்டது: வைரஸ் தடுப்பு மென்பொருள். அந்தக் கம்ப்யூட்டர் காயலான் கடைக்குப் போய் இரண்டு வருடமாகிறது! முந்தைய மே மாதத்திலும் அதே தொகை. ஆக 2,998 ரூபாய்.

அடுத்தது யுபிஐ ஆட்டோபேயில் மாதம் 199. கோடை விடுமுறைக்கு வந்த பேரன் என் போனில் சினிமா பார்க்கச் சேர்ந்தது. ஊருக்குப் போகும்போது ஆப்பை அழித்துவிட்டுத்தான் போனான். ஆப்பை அழித்தால் சந்தா சாகாது; நாம் கொடுத்த அனுமதி உயிரோடு இருக்கும். பதினோரு மாதம், 2,189 ரூபாய்.

ரிசர்வ் வங்கி விதிப்படி, பணம் எடுக்க 24 மணி நேரத்துக்கு முன் தகவல் சொல்ல வேண்டும். சொன்னார்கள். ஆனால் முதல் முறை ஒப்புதல் கொடுத்தபின், இப்படிப்பட்ட சந்தாக்களுக்கு 15,000 ரூபாய் வரை ஒவ்வொரு முறையும் நம்மைக் கேட்க வேண்டியதில்லை. நாம் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று கணக்கு. இது எந்த ஊர் நியாயம்? சேர ஒரு தட்டு, விலக மட்டும் ஒன்பது பக்கம்.

யுபிஐ அனுமதியை, அதைக் கொடுத்த அதே யுபிஐ ஆப்பில் ஆட்டோபே பகுதிக்குப் போய் ரத்து செய்தேன். கார்டுக்கு வங்கியின் இணையப் பக்கத்தில் தனிப் பட்டியல் இருந்தது. போன பணம் திரும்பவில்லை. பயன்படுத்தாதது உங்கள் விருப்பம் என்றார்கள்.

59 ரூபாய் வரி ஒன்று இன்னும் டிக் இல்லாமல் நிற்கிறது. அடுத்த மாதம் அதே தேதியில் வருகிறதா என்று பார்க்கப் போகிறேன்.