சான்று பேசும் கோப்பு

'நாட்டு நலப்பணித் திட்டத்தில் சிறப்பாகப் பணியாற்றினேன்' என்று விண்ணப்பக் கடிதத்தில் எழுதும் மாணவர் பலர். எத்தனை மரக்கன்றுகள் நட்டீர்கள், அவற்றுள் எத்தனை பிழைத்தன என்று கேட்டால் விடை நினைவுக்கு வருவதில்லை. செயல் பொய்யன்று, பதிவுதான் இல்லை.

ஆகவே, செயல் முடிந்த அன்றே எழுதிவைக்கும் கோப்பு ஒன்று ஒவ்வொருவருக்கும் வேண்டும் என்பது என் கருத்து. நாள், செய்த பணி, எண்ணிக்கை, அதனை நேரில் அறிந்தவர் ஆகிய நான்கும் ஒரு பதிவுக்குப் போதும்.

ஐவர் கொண்ட குழு ஜூன் மாதம் பள்ளி வளாகத்தில் 60 கன்றுகள் நட்டதாகக் கொள்வோம். டிசம்பரில் எண்ணியபோது 48 கன்றுகள் உயிருடன் இருந்தன. 'கன்றுகள் நட்டேன்' என்பதைவிட, 'ஐவராக நட்ட 60 கன்றுகளில் 48 இன்றும் வளர்கின்றன. நீர் ஊற்றும் முறைப்பட்டியலை நான் வகுத்தேன்' என்பது நம்பத்தக்கது. நட்ட நாளில் 60 என்று குறிக்காவிடின், 48 என்னும் எண்ணுக்குப் பொருளில்லை. குழுவின் உழைப்பைத் தனதாக்கி எழுதினாலோ, நேர்காணலின் இரண்டாம் வினாவிலேயே அது வெளிப்பட்டுவிடும்.

தலைமையாசிரியர் அனுப்பிய நன்றிச் செய்தியையும் அவர் சொற்களிலேயே, நாளுடன் படியெடுத்து வைக்க வேண்டும். நம் சொற்களில் சுருக்கினால் அது அவர் கூற்றாகாது. கடிதத்தில் எடுத்தாளுமுன் அவரது இசைவையும் பெறுதல் முறை.

கோப்பு பெருகலாம், கடிதம் பெருகலாகாது. விரும்பும் பணிக்குப் பொருந்தும் இரண்டு பதிவுகளைத் தேர்ந்தெடுத்தால் போதும். ஏனையவை அடுத்த கடிதத்திற்காகக் காத்திருக்கட்டும்.