கட்டைகள் சொன்ன பொய்

வாரம் ஒருமுறை வெறும் வயிற்றில் சர்க்கரை பார்த்து, எனக்கும் மனைவிக்கும் ஆளுக்கு ஒரு வரியாக வெளியூரில் இருக்கும் மகனுக்கு அனுப்புவது என் வழக்கம். எட்டு வாரத்து எண்களை வரிசையாக எழுதினால் யார் படிப்பார்கள்? அதனால் எண்களுக்குப் பதில் ▁ முதல் █ வரை உள்ள எட்டுக் கட்டை எழுத்துகளைப் போட்டேன். இவை படமல்ல, யூனிகோடு எழுத்துகள்தான். எந்தக் குறுஞ்செய்தியிலும் போகும்.

```
▂█▁▅▁█▂▇ நான்
▁▂▃▃▅▆▇█ அம்மா
```

உடனே போன் வந்தது. "அப்பா, உங்க சுகர் ஏன் இப்படிக் குதிக்குது?"

குதிக்கவே இல்லை. என் எண்கள் 112, 116, 111, 114, 111, 116, 112, 115. ஐந்து புள்ளி வித்தியாசம், குளுக்கோமீட்டரின் பிழைக்குள்ளேயே அடங்கிவிடும். அவளுடையதோ 128, 134, 141, 139, 151, 158, 163, 172. கவலைப்பட வேண்டியது அங்கே.

தவறு என்னுடையது. ஒவ்வொரு வரியிலும் உள்ள மிகக் குறைந்த எண்ணை ▁ என்றும், மிக அதிகத்தை █ என்றும் வைத்திருந்தேன். அப்படி வைத்தால் ஐந்து புள்ளியும் மலைதான், நாற்பத்து நாலு புள்ளியும் மலைதான். இரண்டு பேருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும். 80-ஐ அடியாக வைத்து, 15 புள்ளிக்கு ஒரு படி என்று மாற்றினேன். ஏழு படி ஏறினால் 185.

```
▃▃▃▃▃▃▃▃ 115 நான்
▄▅▅▅▆▆▇▇ 172 அம்மா
```

இப்போது பார்த்தவுடன் தெரிகிறது. இந்தப் பட்டியலை எண்களோடு டாக்டரிடம் காட்டினோம். அவர் என் வரியைத் தாண்டிப் போய், அவள் மாத்திரையை மாற்றி எழுதினார்.

விரிதாளில் B2-இல் எண் இருந்தால் சூத்திரம் இது:

```
=IF(B2="","·",MID("▁▂▃▄▅▆▇█",1+MAX(0,MIN(7,ROUND((B2-80)/15,0))),1))
```

பார்க்காத வாரத்துக்குப் புள்ளி விழும். முன்பு அது ▁ என்று விழுந்து, சர்க்கரை திடீரென்று இறங்கியதுபோல் காட்டியது. 185-க்கு மேல் எவ்வளவு போனாலும் █ தான் வரும். அதனால்தான் கடைசி எண்ணைப் பக்கத்தில் எழுதுகிறேன். பெயரைக் கடைசியில் வைத்ததற்கும் காரணம் உண்டு. தமிழ் எழுத்துகள் ஒரே அகலம் இல்லை, பெயர் முன்னால் வந்தால் கட்டைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்காது.

ஒரே வரியின் போக்கை மட்டும் பார்க்க வேண்டுமானால் அந்த வரிக்கென்று தனி அளவுகோல் வைப்பதில் தப்பில்லை. இரண்டு வரியை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தாலோ, படிப்பவர் ஒப்பிடாமல் இருக்கமாட்டார். அங்கே தனித்தனி அளவுகோல் வைப்பது, என்னைக் கேட்டால், பொய் சொல்வதுதான்.