மீட்டிங்கில் ஒருவரே பேசுகிறாரா? முதல் 5 நிமிடம் யாரும் பேச வேண்டாம்!

“வேற யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?” பல ஆபீஸ் மீட்டிங்குகள் இந்தக் கேள்வியோடுதான் முடிகின்றன. பதிலாக அமைதிதான் வரும். 25 நிமிடம் ஒருவரே பேசி முடித்து, மற்றவர்கள் லேப்டாப்பை மூடும் நேரத்தில் கேட்டால் வேறென்ன வரும்?

மூலையில் இருப்பவரின் பெயரைச் சொல்லி, “நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று திடீரெனக் கேட்பது இன்னும் மோசம். சீனியர் ஏற்கெனவே ஒரு முடிவைச் சொல்லிவிட்டார். மாட்டிக்கொண்டவர், “சார் சொன்னதுதான்” என்று தப்பிக்கத்தான் பார்ப்பார்.

பிரச்சினை கூச்சத்தில் இல்லை, வரிசையில் இருக்கிறது. முதலில் வரும் கருத்துதான் அடுத்தவர்களின் பேச்சை வளைக்கிறது. இந்திய ராணுவ நீதிமன்றங்களில்கூட உறுப்பினர்களின் கருத்தைக் கேட்கும்போது பதவியில் இளையவரிடமிருந்துதான் தொடங்குகிறார்கள். மேலதிகாரி முதலில் பேசிவிட்டால் கீழே இருப்பவர் எப்படி மாற்றிப் பேசுவார்?

ஆபீஸுக்கும் இதற்கொரு வழி இருக்கிறது. டெல்பெக், வான் டி வென் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1971-லேயே எழுதிய முறை அது: முதலில் எழுத வேண்டும், பிறகுதான் பேச வேண்டும்.

ஏழு பேர் கொண்ட ஒரு சாஃப்ட்வேர் டீமை எடுத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை ரிலீஸ் போகலாமா என்று முடிவெடுக்க வேண்டும். “ரிலீஸ் பத்தி என்ன நினைக்கிறீங்க?” என்று கேட்டால் எல்லோரும் “ஓகே” என்றுதான் எழுதுவார்கள். “வெள்ளிக்கிழமை ரிலீஸ் பண்ணினா எது உடையும்?” என்று கேட்க வேண்டும். 5 நிமிடம், ஆளுக்கொரு பேப்பர், பேச்சு கிடையாது. பிறகு ஜூனியரில் தொடங்கி ஒவ்வொருவரும் ஒரே ஒரு பாயின்ட்டை வாசிக்க, நடத்துபவர் அதை அப்படியே போர்டில் எழுதுகிறார். டெஸ்டிங்கில் இருக்கும் புதுப் பெண், “பழைய ஆண்ட்ராய்டு போன்ல பேமென்ட் பக்கம் திறக்கல” என்று வாசிக்கிறார். பேப்பரில் இருப்பதால் “எனக்கும் அதேதான்” என்று நழுவ முடியாது.

எல்லாம் கெடுவது இந்த இடத்தில்தான். சீனியர் உடனே, “அதெல்லாம் பெரிய விஷயம் இல்லப்பா” என்பார். அந்த ஒரு வரியோடு அடுத்த ஆள் தன் பேப்பரை மடித்துவிடுவார். “முதல் ரவுண்டுல பதில் வேண்டாம் சார், எழுதி முடிச்சதும் பேசலாம்” என்று அங்கேயே நிறுத்துவதுதான் நடத்துபவரின் முக்கிய வேலை. முந்தைய நாளே அவரைத் தனியாகப் பார்த்து, “நீங்க கடைசியா பேசுங்க சார், மத்தவங்க என்ன சொல்றாங்கன்னு பார்க்கலாம்” என்று கேட்டிருந்தால், எல்லோர் முன்னாலும் தடுக்க வேண்டிய சங்கடம் குறையும்.

பலன் தெரிகிறதா என்று போர்டைப் பார்த்தாலே போதும். சீனியருக்கே புதிதான ஒரு விஷயமாவது அதில் இருக்க வேண்டும். எல்லாம் அவர் வழக்கமாகச் சொல்வதாகவே இருந்தால், பேப்பரில்கூட பயந்துதான் எழுதுகிறார்கள் என்று அர்த்தம். அடுத்த முறை பெயரில்லாமல் எழுதி வாங்கி, நடத்துபவரே வாசிக்கலாம்.

மேனேஜர் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டார் என்றால் இந்த முறை உதவாது. “முடிவு இதுதான்” என்று ஒரு மெயிலில் சொல்லிவிடலாம், ஏழு பேரின் அரை மணி நேரமாவது மிஞ்சும்.