உங்கள் மருமகனுக்குக் காதுகுத்து

மதுரையில் இருக்கும் தங்கை சென்னையில் இருக்கும் பெரியண்ணனுக்குக் கடிதம் எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் மகனுக்குக் காதுகுத்து. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்த வேண்டும். அண்ணன் வராமல் காரியம் நடக்காது.

தொடக்கம் எளிது. "அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு, தங்கை எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம். அங்கு நலமறிய ஆவல்." நேரில் வாய்நிறைய "அண்ணே" என்று கூப்பிடுகிறவள்தான், காகிதத்தில் எழுதும்போது "அவர்கள்" தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. தம்பிக்கு எழுதினால் அது வராது. அந்த நாளில் தம்பி பெயருக்கு முன்னால் "சி." என்று போடுவார்கள். சிரஞ்சீவி என்ற ஆசியின் சுருக்கம்.

விஷயத்துக்கு வரும்போதுதான் சூட்சுமம். "என் மகனுக்குக் காதுகுத்து" என்று அவள் எழுத மாட்டாள். "உங்கள் மருமகனுக்குக் காதுகுத்து வைத்திருக்கிறோம்" என்றுதான் எழுதுவாள். மகளைக் கட்டியவனும் மருமகன், உடன்பிறந்தாள் மகனும் மருமகன். மாமன் மகளைக் கட்டும் வழக்கமுள்ள குடும்பங்களில் இருவரும் ஒரே ஆளாகிவிடுவதும் உண்டு. பிள்ளையை மாமன் பக்கத்திலிருந்து சொல்லிவிட்டால், சீர் செய்ய வேண்டியதைத் தனியாக எழுத வேண்டியதில்லை.

கணவர் பெயரும் கடிதத்தில் வராது. "உங்கள் மாப்பிள்ளை நேரில் வந்து அழைப்பார்." மாப்பிள்ளை அண்ணனைவிடப் பத்து வயது இளையவராக இருந்தாலும் "அழைப்பார்"தான். இதே மனிதரைப் பற்றித் தன் தம்பிக்கு எழுதினால் "அத்தான் வருவார்" என்பாள்.

இடையில் இன்னொரு அண்ணன் இருக்கிறார். "சின்னண்ணன் போன வாரம் வந்திருந்தார்" என்று அவள் எழுதுகிறாள். "தம்பி வந்தானா, சந்தோஷம்" என்று பெரியண்ணன் பதில் போடுகிறார். ஆள் ஒருவரே, எழுதுகிறவரின் வயதுக்கேற்ப "ஆர்" ஒரு பக்கம், "ஆன்" ஒரு பக்கம். தங்கை கைதவறி "சின்னண்ணன் வந்தான்" என்று எழுதினால், அங்கே என்ன சண்டை என்று பெரியண்ணன் கவலைப்படுவார்.

அம்மாவுக்கு மட்டும் இந்தக் கணக்கு செல்லாது. அப்பா "வந்தார்" என்று எழுதும் பல வீடுகளில் அம்மா "வந்தாள்"தான். அதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை, உரிமைதான்.

கடைசியில் அண்ணிக்கு வணக்கம். நெல்லைப் பக்கம் மதினி, பிராமண வீடுகளில் மன்னி. அண்ணி தன்னைவிடச் சின்னப் பெண்ணாக இருந்தாலும், அண்ணன் மனைவி என்ற முறைக்காக, வணக்கத்தில் குறை வைக்கமாட்டாள்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய இன்லண்ட் லெட்டர்கள் கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். யாருக்கு "ஆர்", யாருக்கு "ஆன்" என்று பார்த்துக்கொண்டே போனால், மூன்று தலைமுறையின் உறவுமுறை அதில் இருக்கும்.