வெயிலில் காட்டினால் போதுமா?

உங்கள் வீட்டில் ஒரு குழந்தை பிறந்து, மூன்றாம் நாள் அதன் முகம் மஞ்சளாகத் தெரிந்தால், யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார்: “காலை வெயிலில் கொஞ்ச நேரம் காட்டுங்கள், சரியாகிவிடும்.” இது பாதி உண்மை. அதனால்தான் ஆபத்தும்கூட.

பிறந்த குழந்தையின் ரத்தத்தில் சிவப்பணுக்கள் மிக அதிகம். அவை பெரியவர்களின் அணுக்களைவிட விரைவாகச் சிதையும். அப்போது உண்டாகும் மஞ்சள் நிறப்பொருள்தான் பிலிரூபின். கருவில் இருந்தவரை தாயின் உடல் அதை அகற்றியது. இப்போது குழந்தையின் கல்லீரலே அதை மாற்றி வெளியேற்ற வேண்டும். அதற்கான நொதி முதல் வாரத்தில் முழுவேகத்தில் இயங்குவதில்லை. ஆகவே மஞ்சள் இரண்டாம் மூன்றாம் நாளில் தோன்றி ஏறும். பெரும்பாலான குழந்தைகளுக்கு இரண்டு வாரத்துக்குள் தானே மறையும்.

வெயில் யோசனைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1956இல் இங்கிலாந்தின் ரோச்ஃபோர்ட் மருத்துவமனையில் ஜீன் வார்ட் என்ற தாதி குறைமாதக் குழந்தைகளை வெயிலுக்குக் கொண்டு செல்வார். ஒரு குழந்தையின் உடல் வெளிறியிருக்க, துணி மூடியிருந்த முக்கோண இடம் மட்டும் மஞ்சளாக இருந்ததை அவர் மருத்துவர்களிடம் காட்டினார். ஒளி பிலிரூபினின் வடிவத்தை மாற்றுகிறது. மாறிய பொருள் கல்லீரலின் அந்த நொதியின் உதவியின்றியே பித்தத்திலும் சிறுநீரிலும் வெளியேறிவிடும்.

ஆனால் வேலை செய்வது நீல ஒளி. மருத்துவமனையில் கண்களை மூடி, டயப்பர் மட்டும் அணிவித்து, குழந்தையின் உடல் முழுவதும் பல மணி நேரம் அது படும்படி வைப்பார்கள். வாசலில் பத்து நிமிடம், அதுவும் துணி சுற்றி நிற்பது எந்த அளவு? யாருக்கும் தெரியாது. நம்மூர் வெயிலில் தோல் சிவப்பதும் உடலில் நீர் குறைவதும்தான் மிச்சம்.

ஒளிச்சிகிச்சை எப்போது தேவை? நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. நம்மைப் போன்ற மாநிறத் தோலில் இன்னும் கடினம். ரத்தத்தில் அளக்க வேண்டும்; அந்த எண்ணோடு குழந்தையின் வயதையும் மணிக்கணக்கில் சேர்த்துப் பார்க்க வேண்டும். லிட்டருக்கு 205 மைக்ரோமோல் என்று வருகிறது என வையுங்கள். நிறைமாதத்தில் பிறந்த ஆரோக்கியமான குழந்தைக்கு நான்காம் நாள் முடிவில் அந்த அளவு என்றால், பால் கொடுத்துக் கவனித்து, மீண்டும் அளந்தால் போதும். அதே எண் 24 மணி நேரக் குழந்தைக்கு என்றால் விளக்கின் கீழ் வைக்க வேண்டும். முதல் நாளிலேயே மஞ்சள் தெரிவது இயல்பானதல்ல. தாய் சேய் ரத்தப் பிரிவு ஒவ்வாமை போன்ற காரணம் இருக்கலாம். குறைமாதக் குழந்தைக்கும் ஜி6பிடி குறைபாடுள்ள குழந்தைக்கும் வரம்பு இன்னும் தாழ்வு. ஜி6பிடி குறைபாடு இருந்தால் அலமாரியில் அந்துருண்டை போட்டு வைத்த பழைய சட்டையே சிவப்பணுக்களை உடைக்கக்கூடும். பாட்டி ஆசையாக எடுத்துவைத்ததாக இருந்தாலும் அதைப் போடக்கூடாது.

பிலிரூபின் மிக ஏறினால் மூளைக்குள் நுழைந்து, கேட்கும் திறனையும் உடல் அசைவையும் நிரந்தரமாகக் கெடுக்கும். குழந்தை பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ, கீச்சுக்குரலில் அழுதாலோ, உடலை வில்லாக வளைத்தாலோ, அடுத்த நாள் கிளினிக் திறக்கட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லச் சொல்லுங்கள்.