விசாரணைக்கு ஒரு வாரம்தான்

ஜாலான் புசார் கடை ஒன்றில் கல்லாப் பணம் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். சந்தேகம் காசாளர்மீது விழுகிறது. “விசாரணை முடியும்வரை வரவேண்டாம்,” என்கிறார் முதலாளி. எத்தனை நாள்? சம்பளம் உண்டா?

வேலை நியமனச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இதற்கு விடை சொல்கிறது. விசாரணைக்காக ஊழியரை ஒரு வாரம்வரை இடைநீக்கம் செய்யலாம். அதற்குமேல் தேவைப்பட்டால், முதலாளி தொழிலாளர் ஆணையரிடம் விண்ணப்பிக்க வேண்டும். இடைநீக்கக் காலத்தில் குறைந்தது பாதிச் சம்பளம் தரவேண்டும்.

காசாளரின் வாரச் சம்பளம் 600 வெள்ளி என்றால், 300 வெள்ளியாவது கிடைக்கவேண்டும். விசாரணையில் தவறு எதுவும் தெரியவராவிட்டால், பிடித்துவைத்த 300 வெள்ளியையும் உடனே கொடுத்துவிட வேண்டும்.

இருந்தாலும், குற்றம் உறுதியாகும் முன்பே வாடகைப் பணத்தில் துண்டு விழுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. பாதி என்பது சட்டம் வகுத்த குறைந்தபட்சம்தான். முழுச் சம்பளம் தருவதற்குத் தடையில்லை. விசாரிப்பதற்கான செலவை விசாரிப்பவரே ஏற்பதுதான் முறை.

பகுதிநேர வேலை பார்க்கும் மாணவர்கள் இடைநீக்கக் கடிதத்தில் முதலில் தேடவேண்டியது, அது முடியும் தேதி. அது இல்லையென்றால் எழுத்தில் கேளுங்கள்.